கட்டுரை அழைப்பு வரைவு: "பழனி மலை" கருத்தரங்கம். எங்கே இடறும், சொல்லுங்கள்

கீழ்மலைக்காரன் | 7 ஜூலை 2025, காலை 9:10

கொடைக்கானலில் 2026 பிப்ரவரி 12, 13 இரண்டு நாள் கருத்தரங்கம். கட்டுரை அழைப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வரைவு இதுதான்:

> பழனி மலை: இயற்கையும் பண்பாடும். இப்பொருண்மையிலும் இதனோடு தொடர்புடைய பிற தலைப்புகளிலும் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன. ஆய்வுச் சுருக்கம் செப்டம்பர் 15க்குள், முழுக் கட்டுரை ஜனவரி 20க்குள் அனுப்புக. கட்டுரை ஏ4 தாளில் 12 புள்ளி எழுத்தில் 8 பக்கங்களுக்கு மிகாமல் அமைதல் வேண்டும். முதல் பக்கத்தில் கட்டுரையாளர் பெயர், பணியிடம், கைப்பேசி எண் இடம்பெற வேண்டும். கட்டுரைகள் பெயர் மறைத்து மதிப்பிடப்படும். தேர்வானவை ஐஎஸ்பிஎன் எண்ணுடன் நூலாகிக் கருத்தரங்க நாளில் வெளியிடப்படும். பதிவுக் கட்டணம் ரூ. 600.

படிப்பவர் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ள இடமிருக்கும் வரி எது எது? மரியாதை பார்க்காமல் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் | 7 ஜூலை, காலை 10:02

தம்பி, அழைப்பிதழில் யார் தலைமை, யார் முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை எதுவுமே காணோம். நாட்டுப்பண் கடைசியில் வர வேண்டும். மாவட்ட ஆட்சியர் வருவதாக இருந்தால் அவர் பெயருக்கு மேல் வேறு பெயர் வரக்கூடாது, பின்னால் சங்கடம்.

ஊட்டி வர்க்கி | 7 ஜூலை, காலை 10:20

ஐயா, அது விழா அழைப்பிதழ். இவர் கேட்பது கட்டுரை கேட்டு அனுப்பும் மடல். ஆட்சியர் கட்டுரை எழுதி அனுப்பினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் 😀

கீழ்மலை அண்ணே, வரைவு நன்றாகத்தான் இருக்கிறது. யுஜிசி கேர் என்று ஒரு வரி சேருங்கள், கட்டுரை குவியும்.

படிதிருத்துநர் | 7 ஜூலை, பிற்பகல் 1:45

கேர் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியிலேயே கைவிட்டுவிட்டது. அந்த வரியைச் சேர்த்தால் மடல் பொய் சொல்வதாக ஆகும். தவிர அது இதழ்களுக்கான பட்டியல். நீங்கள் போடப்போவது ஒரே ஒருமுறை வரும் ஆய்வுக்கோவை, அதற்கு ஐஎஸ்பிஎன்தான். அதை வரைவில் சரியாகவே சொல்லியிருக்கிறீர்கள்.

இப்போது முதல் வரி. "பழனி மலை" என்று போட்டால் தமிழ்நாட்டில் பத்தில் எட்டுப் பேருக்கு முருகன்தான் தெரிவார். படியேறிப் போகும் அந்த ஒற்றைக் குன்றும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் மலைத்தொடரும் ஒரே பெயரில் இருக்கின்றன. திருப்புகழ், தண்டாயுதபாணி வழிபாடு, பஞ்சாமிர்தம், தைப்பூசக் காவடி என்று வந்து குவியும். எழுதியவர் மேல் தப்பே இல்லை, நீங்கள் கேட்டதைத்தான் அனுப்பியிருப்பார். பாதியைத் திருப்பி அனுப்பும்போதுதான் எல்லை எது என்றே யோசிக்க ஆரம்பிப்பீர்கள். அதை இப்போதே யோசித்துவிடுங்கள்.

தலைப்பிலேயே "பழனி மலைத்தொடர்" என்று போடுங்கள். அடுத்த வரியிலேயே இடத்தை ஊர்ப்பெயரால் கட்டுங்கள்: மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை. ஊர்ப்பெயர் ஆறு இருந்தாலே படிப்பவர் மனதில் வரைபடம் விழுந்துவிடும். "தொடர்புடைய பிற தலைப்புகள்" என்ற சொற்றொடரை எடுத்துவிடுங்கள். கதவைச் சாத்திவிட்டுச் சுவரை இடிக்கிற வேலை அது.

ஊட்டி வர்க்கி | 7 ஜூலை, மாலை 4:30

இது எங்கள் பக்கமும் உண்டு அக்கா. "நீலகிரி" என்றால் மாவட்டமா, மூன்று மாநிலத்தில் கிடக்கும் உயிர்க்கோளக் காப்பகமா? 1986இல் அறிவித்த அந்தக் காப்பகத்துக்குள் வயநாடும் பந்திப்பூரும் வருகின்றன. "நீலகிரிப் பழங்குடிகள்" என்று போட்டால் அடுத்த சண்டை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறும் பட்டியலில் இருக்கிறார்கள், படகர் பட்டியலில் இல்லை. படகர் வழக்காறு பற்றி எழுதியவர் அனுப்பலாமா கூடாதா என்று தெரியாமல் விழிப்பார். அரசுப் பட்டியல்படி என்றால் அதைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் "நீலகிரிச் சமூகங்கள்" என்று போட வேண்டும்.

ஆய்வு மாணவி | 7 ஜூலை, இரவு 8:15

வணக்கம். என் ஆய்வு பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில் தேரோட்டம் பற்றியது. அதுவும் முருகன் கோயில்தான், ஆனால் மேல்மலையில் இருக்கிறது. முருகன் கட்டுரை வேண்டாம் என்று அக்கா சொல்வதைப் பார்த்தால் நான் அனுப்பக் கூடாதா? எனக்கு இந்த வருடத்துக்குள் ஒரு கட்டுரை வெளியாக வேண்டும். சான்றிதழ் உண்டா?

படிதிருத்துநர் | 8 ஜூலை, காலை 7:50

நல்ல கேள்வி கேட்டீர்கள் அம்மா, சான்றிதழைத் தவிர. முருகன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் நான் எழுதியதை அப்படிப் படிக்க இடமிருக்கிறது. மடலிலும் இதேதான் நடக்கும். "பக்திக் கட்டுரைகள் தவிர்க்கப்படும்" என்று ஒரு வரி போட்டால் பூம்பாறைத் தேரோட்டத்தைக் கள ஆய்வு செய்தவர் ஒதுங்கிப்போவார். பழனிக் கோயில் தலபுராணத்தை எடுத்து எழுதியவர் "நான் எழுதியது பக்தி அல்ல, இலக்கியம்" என்று அனுப்பிவைப்பார்.

ஆகவே எல்லையைப் பொருளால் போடாதீர்கள், இடத்தாலும் சான்றாலும் போடுங்கள். இரண்டே கேள்வி. கட்டுரை பேசும் நிகழ்வோ பயிரோ கல்லோ மலைமேல் இருக்கிறதா? அதற்குக் கள ஆய்வு, ஆவணம், கல்வெட்டு, நேர்காணல் இவற்றில் ஒன்றாவது சான்றாக இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் உள்ளே. பூம்பாறைத் தேர் உள்ளே வரும், அடிவாரக் கோயிலின் தலபுராணம் தானாக வெளியே போகும். யாரையும் புண்படுத்தும் வரியும் மடலில் இருக்காது.

கீழ்மலைக்காரன் | 8 ஜூலை, காலை 11:30

இடம் என்றால் கொடைக்கானல் வட்டம் என்று வைத்துவிடலாமா? நிர்வாக எல்லை, யாரும் மறுபேச்சுப் பேச முடியாது. ஆனால் ஒரு சிக்கல். மலைப்பூண்டு விளைவது மேல்மலையில், விற்பது வடுகபட்டிச் சந்தையில். அது தேனி மாவட்டம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பயிரின் வியாபாரத்தை எழுதுபவர் வடுகபட்டியை விட்டுவிட்டு எப்படி எழுதுவார்?

படிதிருத்துநர் | 8 ஜூலை, பிற்பகல் 12:40

வட்டத்தையே எல்லையாக வையுங்கள். அதோடு ஒரே ஒரு விலக்கு: "அடிவார ஊர்கள் பற்றிய கட்டுரை, மலைமேல் ஊர்களோடு அவற்றுக்குள்ள நேரடித் தொடர்பை மையமாகக் கொண்டிருந்தால் ஏற்கப்படும்." அதற்குக் கீழேயே எடுத்துக்காட்டு: வடுகபட்டிச் சந்தையில் மலைப்பூண்டு வணிகம் ஏற்கப்படும், பழனி நகரில் பஞ்சாமிர்தத் தயாரிப்பு ஏற்கப்படாது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. எல்லைக்கோட்டை ஒட்டி இரண்டு பக்கமும் ஆளுக்கொரு எடுத்துக்காட்டு வைத்தால் பத்து வரி விளக்கம் மிச்சம்.

உட்தலைப்புகளையும் எண்ணிப் பார்த்தே போடுங்கள். நாற்பது தலைப்பை அடுக்கிக் கடைசியில் "முதலியன" என்று முடிக்கிற பழக்கம் நம் துறைகளில் இருக்கிறது. அமர்வுக்கு ஆறு கட்டுரை, ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம், கேள்விக்கு ஐந்து என்றால் ஓர் அமர்வு இரண்டு மணி நேரம். தொடக்க விழா, நிறைவு விழா, சாப்பாடு போக இரண்டு நாளில் ஐந்து அமர்வு தேறும். எனவே ஐந்து உட்தலைப்பு, முப்பது கட்டுரை. ஒவ்வோர் உட்தலைப்பும் ஓர் அமர்வாக மாறும் அளவுக்குத் தனியாக நிற்க வேண்டும். "பண்பாடு" என்றும் "நாட்டார் வழக்காறு" என்றும் இரண்டு தலைப்பு வைத்தால் ஒரே கட்டுரையை எதில் போடுவது என்று அனுப்புபவரும் குழம்புவார், நீங்களும் குழம்புவீர்கள்.

கீழ்மலைக்காரன் | 8 ஜூலை, இரவு 9:05

அப்படியானால் ஐந்து: (1) கற்திட்டைகளும் பிற தொல்லியல் எச்சங்களும், (2) பளியர் உள்ளிட்ட மலைவாழ் மக்களின் வாய்மொழி வழக்காறு, (3) மலைப்பூண்டு, மலைவாழை, காப்பி: சாகுபடியும் சந்தையும், (4) சோலைக்காடும் சீகை, பைன், யூகலிப்டஸ் வளர்ப்பும், (5) 1845இல் அமெரிக்க மிஷனரிகள் குடியேறியபின் கொடைக்கானல் நகரம்.

ஆய்வு மாணவி | 8 ஜூலை, இரவு 9:20

பூம்பாறைத் தேர் எதில் வரும்?

ஊட்டி வர்க்கி | 8 ஜூலை, இரவு 9:24

பாருங்கள், வடம் பிடிக்கும் முன்னாலேயே தேர் நிற்கிறது.

கீழ்மலைக்காரன் | 9 ஜூலை, காலை 6:40

இரண்டாவதை "வாய்மொழி வழக்காறும் திருவிழாக்களும்" என்று மாற்றிவிட்டேன். இடம் கிடைத்ததா அம்மா?

கணினிக்காரன் | 9 ஜூலை, காலை 10:15

கெடு பற்றி யாரும் பேசவில்லையே. "செப்டம்பர் 15க்குள்" என்றால் 15 சேர்த்தியா இல்லையா? உலக வழக்கப்படி AoE என்று போட்டுவிடுங்கள். பூமியில் எங்காவது ஒரு மூலையில் 15ஆம் தேதி இருக்கும்வரை அனுப்பலாம் என்று அர்த்தம். சர்ச்சைக்கே இடமில்லை.

படிதிருத்துநர் | 9 ஜூலை, பிற்பகல் 2:20

கணினித் துறை மாநாட்டுக்கு அது சரி. இங்கே அனுப்பப்போகிறவர்கள் கல்லூரித் தமிழாசிரியர்கள், ஊர் வரலாற்று ஆர்வலர்கள். செப்டம்பர் 15 AoE என்றால் நம் நேரத்துக்கு 16ஆம் தேதி மாலை ஐந்தரை வரை. அதை இவர்களில் எத்தனை பேர் கணக்குப் போடுவார்கள்? தெரிந்தவருக்கு ஒருநாள் கூடுதல், தெரியாதவருக்குக் கிடையாது என்று ஆகிவிடும்.

"நள்ளிரவு 12 மணி" என்றும் போடாதீர்கள். 14 முடிந்து 15 பிறக்கும் நள்ளிரவா, 15 முடியும் நள்ளிரவா என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். "2025 செப்டம்பர் 15, திங்கள்கிழமை, மாலை 5:00 மணி வரை, இந்திய நேரம்." கிழமையைச் சேர்த்தால் தேதி தட்டச்சில் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். இலங்கைக்கும் இதே நேரம்தான். மலேசியா, சிங்கப்பூர்க்காரர்களுக்கு இரவு 7:30 என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 05/06 என்று போட்டால் அது ஜூனா மே மாதமா என்று வெளிநாட்டிலிருந்து கேட்பார்கள்.

மாலை ஐந்து ஏன் என்றால், படிவம் திறக்கவில்லை என்று ஒருவர் கூப்பிட்டால் எடுக்க அலுவலகத்தில் ஆள் இருக்கும் நேரம் அது. இரவு 11:59க்கு யார் எடுப்பார்?

கீழ்மலைக்காரன் | 9 ஜூலை, மாலை 6:10

மேல்மலையில் காற்றடித்தால் கரண்டும் போய் டவரும் போய்விடும். முழுக் கட்டுரைக் கெடு ஜனவரி என்பதால்தான் கவலைப்படவில்லை, மழை விட்டிருக்கும்.

படிதிருத்துநர் | 9 ஜூலை, இரவு 8:30

அந்த ஜனவரி 20தான் உங்கள் மடலிலேயே நடக்காத வரி. கட்டுரை ஜனவரி 20இல் வருமாம், மதிப்பீடு நடக்குமாம், பிப்ரவரி 12இல் நூலும் வெளியாகுமாம். நடுவில் 23 நாள். பெயர் மறைத்து மதிப்பிடுவது என்றால் அதற்கே மூன்று வாரம் போய்விடும்.

பின்னாலிருந்து எண்ணுங்கள். 12ஆம் தேதி மேடையில் நூல் இருக்க வேண்டுமானால் பிப்ரவரி 5க்குள் கட்டு மலையேறிவிட வேண்டும். அச்சுக்கும் கட்டுமானத்துக்கும் இரண்டு வாரம் விட்டால் ஜனவரி 22இல் கோப்பு அச்சகத்தில் இருக்க வேண்டும். பொங்கல் வாரம் அச்சகம் ஓடாது, மெய்ப்பு பார்ப்பவரும் ஊருக்குப் போயிருப்பார், எனவே பக்க வடிவமைப்பு ஜனவரி 9க்குள் முடிய வேண்டும். வடிவமைப்புக்கும் படி திருத்தத்துக்கும் மூன்று வாரம்: திருத்திய கட்டுரை டிசம்பர் 19 வெள்ளிக்குள் கைக்கு வர வேண்டும். கட்டுரையாளர் திருத்த ஒன்றரை வாரம், மதிப்பீட்டாளருக்கு மூன்று வாரம். முழுக் கட்டுரைக் கெடு நவம்பர் 17, திங்கள். அதற்கு மேல் ஒருநாள்கூடத் தள்ள முடியாது.

சுருக்கத்துக்கான முடிவு செப்டம்பர் 29இல் சொல்லிவிட்டால் எழுதுபவருக்கு ஏழு வாரம். நடுவில் அக்டோபர் 20 தீபாவளி, அதையும் தாண்டும். ஐந்து தேதியையும் மடலில் போடுங்கள்: சுருக்கம், அதன் முடிவு, முழுக் கட்டுரை, மதிப்பீட்டு முடிவு, திருத்திய கட்டுரை. அமைப்பாளர்கள் முடிவு சொல்லும் தேதிகள் பெரும்பாலான மடல்களில் இருப்பதே இல்லை. அது இல்லாவிட்டால் "என் சுருக்கம் என்னாச்சு" என்ற அழைப்பு ஒருநாள் ஓயாது.

ஊட்டி வர்க்கி | 10 ஜூலை, காலை 9:00

நவம்பர் 17 வடகிழக்குப் பருவமழை உச்சம். மலைப்பாதையில் மரம் விழும், நெட் போகும். ஒருநாள் கருணை நேரம் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் விட்டுவிடுங்கள். எல்லோரும் செய்வதுதான்.

படிதிருத்துநர் | 10 ஜூலை, காலை 10:10

சொல்லாத கருணை நேரம் அமைப்பாளரைத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும். "மின்தடை, இணையத்தடை இருந்தால் கெடு நேரத்துக்கு முன் தொலைபேசியில் சொல்பவர்களுக்கு 24 மணி நேரம் கூடுதல்" என்று மடலிலேயே எழுதலாமே.

ஊட்டி வர்க்கி | 10 ஜூலை, காலை 10:25

எழுதினால் முப்பது பேருக்கும் அன்றைக்குக் கரண்ட் போயிருக்கும்.

கணினிக்காரன் | 10 ஜூலை, காலை 10:40

இதில் வர்க்கி பக்கம்தான் நான்.

ஆய்வு மாணவி | 10 ஜூலை, பிற்பகல் 3:00

8 பக்கம் என்றால் அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல் சேர்த்தா? என் நேர்காணல் பின்னிணைப்பே மூன்று பக்கம் வரும்.

கணினிக்காரன் | 10 ஜூலை, மாலை 5:15

பக்கக் கணக்கே வேண்டாம், சொற்கணக்கு போடுங்கள். வேர்டில் கீழே எண் தெரியும், தகராறு இல்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் | 10 ஜூலை, மாலை 6:00

பக்கம்தான் சரி. புத்தகம் போடுகிறவன் பக்கத்துக்குத்தான் காசு கேட்பான்.

படிதிருத்துநர் | 11 ஜூலை, காலை 8:00

ஐயா சொல்வது அமைப்பாளர் மேசைக்குச் சரி, மடலுக்கு ஆகாது. 12 புள்ளி என்று சொல்லி எழுத்துருவைச் சொல்லாமல் விட்டால் லதாவில் அடிப்பவருக்கு எட்டுப் பக்கத்தில் கொஞ்சம்தான் அடங்கும். விஜயா எழுத்துரு அதே 12 புள்ளியில் சின்னதாக விழும், நிறைய அடங்கும். இரண்டு பேரும் விதியை மீறவில்லை, ஆனால் ஒருவர் மற்றவரைவிட ஏகமாக எழுதியிருப்பார்.

முதலில் உள்கணக்கு. டெம்மி 1/8 அளவில் அச்சகம் பதினாறு பக்கத்தை ஒரு ஃபாரம் என்று எண்ணும். 20 ஃபாரம் என்று முடிவு செய்தால் 320 பக்கம். முன்பகுதி, உள்ளடக்கம், பதிப்புரை 20 பக்கம் போக 300 பக்கத்தை முப்பது கட்டுரைக்குப் பிரித்தால் ஆளுக்குப் பத்து. பக்கத்துக்குச் சுமார் 200 சொல் என்று வைத்தால் 2000 சொல். மடலில் போக வேண்டியது இந்த எண்தான்.

தமிழில் சொற்கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. "போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து" என்று சேர்த்து எழுதினால் வேர்டுக்கு ஒரு சொல். "போய்க் கொண்டு இருந்தவர்களிடம் இருந்து" என்று பிரித்தால் நான்கு. சேர்த்தெழுதும் பண்டிதருக்கும் பிரித்தெழுதும் பத்திரிகைக்காரருக்கும் 2000 சொல் ஒரே நீளம் இல்லை. அதனால் ஒற்றை எண்ணை வைத்துக் கழுத்தை நெரிக்காமல் 1600 முதல் 2000 வரை என்று இடைவெளி கொடுங்கள். எது கணக்கில் சேரும் என்பதையும் எழுதுங்கள்: தலைப்பு, மேற்கோள், அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல் எல்லாம் சேர்த்தி, படத்தலைப்பும் அட்டவணையும்கூட. நேர்காணல் பின்னிணைப்பு நூலில் வராது, மதிப்பீட்டாளர் பார்க்கத் தனிக் கோப்பாக அனுப்பலாம் என்று சொல்லிவிட்டால் மாணவியின் சிக்கலும் தீரும்.

கணினிக்காரர் சொல்கிற எண்ணிலும் ஒரு நெளிவு உண்டு. வேர்டில் சொற்கணக்குப் பெட்டியைத் திறந்தால் அடிக்குறிப்பைச் சேர்ப்பதற்கு ஒரு குறிப்பெட்டி இருக்கும். அதில் டிக் இருந்தால் ஓர் எண், எடுத்தால் வேறு. கூகுள் டாக்ஸ் அடிக்குறிப்பை எண்ணுவதே இல்லை. ஆகவே "வேர்டில், அடிக்குறிப்பைச் சேர்த்துக் காட்டும் எண்ணே கணக்கு" என்று ஒரு வரி வேண்டும்.

கணினிக்காரன் | 11 ஜூலை, காலை 9:30

ஒத்துக்கொள்கிறேன். இதோடு சேர்ந்தது ஒன்று: சுருக்கத்தைக் கூகுள் படிவத்தில் வாங்கப்போகிறீர்களா? அதில் நீளக் கட்டுப்பாடு எழுத்துக்குறிக் கணக்கில்தான் வைக்க முடியும், சொற்கணக்கு இல்லை. மடலில் "250 சொல்" என்றும் படிவத்தில் 2000 குறி என்றும் வைத்தால் இடிக்கும். "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. சொல்லுக்குச் சராசரி எட்டுக் குறி, ஓர் இடைவெளி என்று வைத்தாலே 250 சொல் 2250ஐத் தொடும். விதியை ஒழுங்காகப் பின்பற்றியவரைத்தான் படிவம் திருப்பி அனுப்பும். 3500 என்று தாராளமாக வைத்துவிட்டுச் சொல்லை நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. படிவத்தில் கோப்பு ஏற்றும் கேள்வி வைத்தால் கூகுள் கணக்கில் நுழைந்தால்தான் திறக்கும். கல்லூரி அலுவலகக் கணினியில் யாரோ ஒருவர் கணக்கில் ஏற்றிவிட்டுப் போவார்கள். சுருக்கத்துக்குப் பெட்டியில் ஒட்டச் சொல்லுங்கள், முழுக் கட்டுரையை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

கீழ்மலைக்காரன் | 11 ஜூலை, பிற்பகல் 1:00

பாமினியில் அடித்து அனுப்புபவர்களை என்ன செய்வது? "ஒருங்குறியில் அனுப்புக" என்று போட்டும் வரும் என்கிறார்கள்.

படிதிருத்துநர் | 11 ஜூலை, பிற்பகல் 2:30

வரும். தாம் எதில் அடிக்கிறோம் என்பதே பலருக்குத் தெரியாது, டிடிபி கடையில் கொடுத்து வாங்கியிருப்பார்கள். சோதித்துப் பார்க்கும் வழியைச் சொல்லிக்கொடுங்கள்: "கட்டுரையிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகத் தெரிந்தால் அனுப்பலாம். `jkpo;` போல ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் ஒருங்குறிக்கு மாற்றி அனுப்புங்கள்." பாமினியில் அடித்த "தமிழ்" என்ற சொல் அப்படித்தான் தெரியும். அதைப் பார்த்த உடனே புரிந்துகொள்வார்கள்.

docx கட்டாயம் என்று சொல்லுங்கள். பிடிஎஃப் மட்டும் வந்தால் அதிலிருந்து எடுக்கும் தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், மறுபடி அடிப்பதே மேல். பிடிஎஃப் கூடவே வரட்டும், படமும் அட்டவணையும் சரியாக விழுந்ததா என்று ஒப்பிட உதவும்.

அடுத்து, பெயர் மறைத்து மதிப்பீடு என்கிறீர்கள், முதல் பக்கத்திலேயே பெயர், கைப்பேசி எண் எல்லாம் கேட்கிறீர்கள். இரண்டும் ஒரே மடலில் நிற்காது. விவரங்களை மின்னஞ்சலின் உடலில் கேளுங்கள், கட்டுரைக் கோப்பில் பெயரே வேண்டாம். சுருக்கம் தேர்வானதும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துவிடுங்கள், கோப்பின் பெயர் அதுதான்:

```
PM26-07.docx
PM26-07.pdf
```

"என் முந்தைய கட்டுரையில் காட்டியபடி" போன்ற வரிகளையும் எடுக்கச் சொல்லுங்கள். கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் பெயரை நீங்களே வேர்டில் Inspect Document கொடுத்து நீக்கிக்கொள்ளலாம், கட்டுரையாளரிடம் அதைக் கேட்டால் பாதிப்பேர் திணறுவார்கள்.

ஊட்டி வர்க்கி | 11 ஜூலை, மாலை 4:00

தாண்டிக்குடிக் கற்திட்டையை அளந்து எழுதுபவர் தமிழ்நாட்டில் நாலு பேர் இருந்தால் அதிகம். பெயரை மறைத்தால் என்ன, கல்லின் படத்தைப் பார்த்தே யார் என்று சொல்லிவிடுவார்கள்.

படிதிருத்துநர் | 11 ஜூலை, மாலை 4:50

உண்மைதான். அப்படியென்றால் "மதிப்பீட்டாளர் பெயர் மட்டும் மறைக்கப்படும்" என்று நேர்மையாகப் போட்டுவிடலாம். எதைச் செய்யப்போகிறீர்களோ அதை எழுதுங்கள் கீழ்மலை, இரண்டில் எது என்பது உங்கள் குழுவின் விருப்பம்.

கீழ்மலைக்காரன் | 12 ஜூலை, காலை 7:30

குழுவில் பேசிவிட்டுச் சொல்கிறேன். கட்டணம்?

படிதிருத்துநர் | 12 ஜூலை, காலை 9:15

ரூ. 600 ஆளுக்கா, கட்டுரைக்கா? இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் எவ்வளவு? நூல் ஒரு பிரதி அதில் அடக்கமா? தங்குமிடம்? எப்போது கட்ட வேண்டும்? சுருக்கம் தேர்வாகும் முன்னே யாரும் கட்ட வேண்டாம் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். இதற்கெல்லாம் நாலு வரி போதும், ஆனால் அந்த நாலு வரி இல்லாவிட்டால் வரும் தொலைபேசிகளில் பாதி இதற்காகத்தான் இருக்கும்.

நேரில் வந்துதான் வாசிக்க வேண்டுமா, இணையவழியும் உண்டா என்பதும் இல்லை. நேரில் என்றால் இன்னொரு வரி: 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், அரசுப் பேருந்தில் வந்தால் வேண்டாம்.

ஊட்டி வர்க்கி | 12 ஜூலை, காலை 9:40

எங்களுக்கும் அதே நாள் முதல்தான். ஊட்டியிலிருந்து கொடைக்கானல் போக இரண்டு மலை இறங்கி ஏறி, ஒரு இ-பாஸ் வேறு.

கணினிக்காரன் | 12 ஜூலை, காலை 11:00

கடைசியாக ஒன்று. மடலைப் படமாகச் செய்து வாட்ஸ்அப்பில் விடப்போகிறீர்கள், தெரியும். அந்தப் படம் கைமாறிக் கைமாறி ஆறு மாதம் சுற்றும், அதைத் திருத்த முடியாது. தேதி மாறினால் பழைய படமும் புதிய படமும் ஒன்றாகச் சுற்றும். படத்தில் தலைப்பு, முதல் கெடு, ஓர் இணைய முகவரி மட்டும் போடுங்கள். விதிகள் எல்லாம் அந்த முகவரியில் இருக்கட்டும், மேலேயே "கடைசியாகத் திருத்தியது: இன்ன தேதி" என்று. இரண்டுக்கும் முரண் இருந்தால் இணையப் பக்கமே செல்லும் என்று படத்தின் அடியில் ஒரு வரி.

கீழ்மலைக்காரன் | 13 ஜூலை, இரவு 8:50

குழு கூடியது. பெயர் மறைப்பது மதிப்பீட்டாளர் பக்கம் மட்டும் என்று முடிவாகிவிட்டது. கட்டணம் ரூ. 600 கட்டுரைக்கு, எத்தனை பேர் எழுதினாலும். நூல் ஒரு பிரதி அடக்கம், கூடுதல் பிரதி தனி விலை. கருணை நேரத்தில் மட்டும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். திருத்திய வரைவின் தலைப்பகுதி இது:

> பழனி மலைத்தொடர்: இயற்கையும் பண்பாடும். கொடைக்கானல் வட்டத்திலுள்ள ஊர்கள், காடுகள், மக்கள் பற்றி, கள ஆய்வு, ஆவணம், கல்வெட்டு, நேர்காணல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் சான்றாகக் கொண்ட கட்டுரைகளை வரவேற்கிறோம். அடிவார ஊர்கள் பற்றிய கட்டுரை, மலைமேல் ஊர்களோடு அவற்றுக்குள்ள நேரடித் தொடர்பை மையமாகக் கொண்டிருந்தால் ஏற்கப்படும். (வடுகபட்டிச் சந்தையில் மலைப்பூண்டு வணிகம்: ஏற்கப்படும். பழனி நகரில் பஞ்சாமிர்தத் தயாரிப்பு: ஏற்கப்படாது.) 250 சொற்களுக்கு மிகாத ஆய்வுச் சுருக்கம் 2025 செப்டம்பர் 15, திங்கள், மாலை 5:00 மணி வரை, இந்திய நேரம். ஒருவர் ஒரு கட்டுரை மட்டும் அனுப்பலாம்.

ஆய்வு மாணவி | 13 ஜூலை, இரவு 9:10

ஒருவர் ஒரு கட்டுரை என்றால், நான் தனியாக ஒன்றும் நெறியாளரோடு சேர்ந்து ஒன்றும் அனுப்பலாமா?

ஊட்டி வர்க்கி | 13 ஜூலை, இரவு 9:12

அண்ணே, இந்தப் பொண்ணை மடல் குழுவில் சேர்த்துவிடுங்கள்.

படிதிருத்துநர் | 13 ஜூலை, இரவு 9:40

"தனித்தோ சேர்ந்தோ, ஒருவர் பெயர் ஒரு கட்டுரையில் மட்டுமே இடம்பெறலாம்" என்று போடுங்கள். நெறியாளர் பெயர் ஐந்து மாணவர் கட்டுரையில் வருவதும் அதோடு நிற்கும். அதனால் துறைக்குள் வரும் மனத்தாங்கலை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.